ஆடிட்டர் ஆபீசுக்கு 5ஆம் தேதி பை, 15ஆம் தேதி பேச்சு

வள்ளியூரில் எங்களுக்கு மோட்டார், பைப் கடை. ராதாபுரம் பக்கத்துக் கிணற்றுப் பாசனக்காரர்கள் பாதி வியாபாரம், வீடு கட்டுகிற காண்டிராக்டர்கள் மீதிப் பாதி. கணக்கு வழக்கெல்லாம் பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில். எங்கள் பஜாரில் பலர் மாதம் 18, 19ஆம் தேதி ஒரு மஞ்சள் பை நிறைய பில்லைத் திணித்துப் பையனிடம் கொடுத்து நாகர்கோவில் – நெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். மறுநாள் ஆபீசிலிருந்து போன் வரும், "இவ்வளவு கட்டணும்." கட்டிவிடுவார்கள். அது சரியான தொகையா, ஏன் அவ்வளவு என்று கேட்பவர் குறைவு.

கேட்கவேண்டியதைக் கேட்பதற்கு முதலில் நேரம் வேண்டும். அந்த நேரத்தை முடிவு செய்வது ஜி.எஸ்.டி. காலண்டர். மாதக் கணக்கு கொடுப்பவர்கள் போன மாத விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். அது ஜிஎஸ்டிஆர்-1. நமக்குச் சரக்கு விற்றவர்களும் அதே தேதிக்குள் ஏற்றுவதால், யார் யார் நம் ஜி.எஸ்.டி. நம்பருக்கு என்னென்ன பில் போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் 14ஆம் தேதி தானாகவே வந்துவிடும். அதுதான் 2பி. கொள்முதலில் நாம் கொடுத்த வரியை வரவு என்பார்கள். 2பியை வைத்து அந்த வரவை, நாம் வசூலித்த வரியிலிருந்து கழித்து, மிச்சத்தைக் கட்டி, 3பி என்கிற மாதக் கணக்கைப் போட 20ஆம் தேதி கடைசி. அதனால் 5ஆம் தேதிக்குள் பை போய்விட வேண்டும். 15ஆம் தேதிவாக்கில் ஒரு பேச்சு நடக்க வேண்டும். 19ஆம் தேதி பை கொடுப்பவருக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆபீசில் அன்றைக்கு நூறு பேருடைய கணக்கு வரிசையில் நிற்கும்.

பையில் என்ன வைக்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் விற்பனை. பில் புத்தகம் அல்லது கம்ப்யூட்டர் பில் வரிசை, ஒரு நம்பர் விடாமல். கேன்சல் பண்ணின பில்லும் வேண்டும், கிழித்துப் போடக் கூடாது. எத்தனையாம் நம்பரிலிருந்து எத்தனையாம் நம்பர் வரை பில் போட்டோம், அதில் எத்தனை ரத்து என்று ஜிஎஸ்டிஆர்-1இலேயே ஒரு கட்டம் இருக்கிறது. காண்டிராக்டர்களுக்குப் போட்ட பில்லைத் தனியாகக் கட்டி, மேலே அவர்களுடைய ஜி.எஸ்.டி. நம்பரை எழுதிவிடுவேன். அவர்களுக்கு நாம் விடுகிற பிழை அடுத்த வாரமே சண்டையாக வந்து நிற்கும். வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த மோட்டாருக்குப் போட்ட கிரெடிட் நோட்டும் இதோடு சேரும்.

அடுத்தது கொள்முதல். அசல் பில், கம்பெனி தள்ளுபடிக்குப் போட்ட கிரெடிட் நோட்டு, நாம் திருப்பி அனுப்பிய சரக்கின் விவரம். இவற்றோடு லாரி ரசீதுகள். பார்சல் லாரிக்காரர் தன் ரசீதில் வரி போடவில்லை என்றால், பல சமயம் அந்த வாடகைக்கான வரியை வாடகை கொடுக்கிற நாமே கட்ட வேண்டியிருக்கும். அதைப் பணமாகத்தான் கட்ட முடியும், கட்டிய பிறகு வரவாக எடுத்துக்கொள்ளலாம். ரசீது பைக்கு வராவிட்டால் ஆபீசுக்கு இது தெரியவே தெரியாது. எங்களுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வருகிற சரக்குக்கெல்லாம் லாரி ரசீது வேறு, கம்பெனி பில் வேறு. இரண்டையும் ஒரே பின்னில் குத்தி வைப்பது வழக்கம்.

இன்டர்நெட் பில், கார்டு மெஷின் கட்டணம், நடப்புக் கணக்கில் பேங்க் பிடிக்கிற சார்ஜ், இவற்றிலும் வரி இருக்கிறது. நம்பரைக் கொடுத்து வைத்திருந்தால் அதுவும் 2பியில் வரும். சின்னத் தொகைதான், ஆனால் வருஷம் முழுக்கச் சேர்ந்தால் விட்டுவிட மனசு வராது.

இனி 15ஆம் தேதிப் பேச்சு. போன வருஷம் ஜூலை மாதக் கணக்கில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். எண்களைப் புரிவதற்காக ரவுண்டாக வைத்திருக்கிறேன். அந்த மாதம் விற்பனை 6 லட்சம். மோட்டார், பைப் எல்லாம் 18 சதவீதம் என்பதால் நாங்கள் வசூலித்த வரி 1,08,000. நாங்கள் கொடுத்த கொள்முதல் பில்களில் இருந்த வரி 84,600. என் கணக்குப்படி கட்டவேண்டியது 23,400. ஆபீசில் கணக்கு பார்க்கிற பெண் பிள்ளை வாட்ஸப்பில் அனுப்பிய தொகையோ 43,200.

போன் போட்டேன். "அண்ணாச்சி, உங்க பில்லுல ரெண்டு 2பியில வரல. கோயம்புத்தூர் மோட்டார் பில் ஒண்ணு, பேட்டை ஃபிட்டிங்ஸ் பில் ஒண்ணு. அது வராம வரவு எடுக்க முடியாது."

"சரக்கு வந்து வித்தும் முடிஞ்சாச்சேம்மா."

"சரக்கு வந்தா போதாது அண்ணாச்சி, அவங்க ஏத்தணும்."

சட்டம் அப்படித்தான். பில் கையில் இருந்தாலும், சரக்கு வந்திருந்தாலும், விற்றவர் ஏற்றி அது நம் 2பியில் தெரிந்தால்தான் அந்த வரியை வரவாகக் கழிக்கலாம். மோட்டார் பில்லில் 18,000, ஃபிட்டிங்ஸ் பில்லில் 1,800, ஆக 19,800. வித்தியாசத்தின் கணக்கு இவ்வளவுதான். அவசரப்பட்டு இருக்கிறதாகக் காட்டிக் கழித்துக்கொண்டால், 3பியையும் 2பியையும் ஒப்பிட்டுப் பார்த்து நோட்டீஸ் வரலாம். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் "சரி, கட்டிருங்க" என்று வைத்துவிடுவார்கள். கேட்கவேண்டிய கேள்வி இனிமேல்தான் இருக்கிறது: ஏன் வரவில்லை? பில் வராததற்கு மூன்று நான்கு காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டியது வேறு. விற்றவர் 11ஆம் தேதியைத் தாண்டி ஏற்றியிருந்தால் அடுத்த மாத 2பியில் தானாக வரும். அவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு கொடுப்பவராக இருந்தால் காலாண்டு முடிந்துதான் வரும். வேறு யாருடைய நம்பரிலோ, நம்பரே இல்லாத சில்லறை விற்பனையாகவோ ஏற்றியிருந்தால் அவர் திருத்தாமல் வரவே வராது. ஏற்றவே இல்லை என்றால் அது கவலைப்படவேண்டிய விஷயம்.

இதை நாமே பார்த்துவிடலாம், லாகின்கூட வேண்டாம். ஜி.எஸ்.டி. தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் விற்றவருடைய நம்பரைப் போட்டால் அவர் பெயர், முகவரி வரும். கீழே Show Filing Table என்பதைத் தட்டினால் எந்த மாதக் கணக்கை எந்தத் தேதியில் கொடுத்திருக்கிறார் என்று வரிசையாக நிற்கும். கோயம்புத்தூர் கடைக்குப் பார்த்தேன், 10ஆம் தேதியே ஏற்றியிருக்கிறார்கள். அப்படியானால் நம் பில் வேறு எங்கேயோ போயிருக்கிறது.

அவர்களுக்கு அடித்தால், "பில் அன்னைக்கே ஏத்தியாச்சுங்களே" என்றார்கள். எந்த நம்பரில் என்று கேட்ட பிறகு தேடினார்கள். எங்கள் கடைப் பெயரிலேயே தென்காசிப் பக்கம் அவர்களுக்கு இன்னொரு வாடிக்கையாளர் உண்டு. கம்ப்யூட்டரில் பெயரைத் தேர்வு செய்கிறபோது அந்தக் கடையை எடுத்துவிட்டார்கள். இது அடிக்கடி நடக்கிறது என்று ஆபீசில் சொன்னார்கள். 15 எழுத்து நம்பரில் கடைசி எழுத்து முந்தைய 14ஐச் சரிபார்ப்பதற்கென்றே வைத்தது. அதனால் ஒரு எண்ணை மாற்றித் தட்டினால் பெரும்பாலும் கம்ப்யூட்டரே ஏற்றுக்கொள்ளாது. ஆனால் வேறொரு கடையின் சரியான நம்பரைப் போட்டால் அதற்குத் தெரிய வழியில்லை. எங்கள் கைக்கு வந்த அச்சுப் பில்லில் நம்பர் சரியாகத்தான் இருந்தது. ஏற்றியதில்தான் பிசகு. பில்லை மட்டும் பார்த்திருந்தால் கடைசிவரை கண்டுபிடித்திருக்க முடியாது.

அவர்கள் அதே மாதத்திலேயே திருத்தலாமே என்று கேட்டேன். 3பி போடுவதற்கு முன்னால் திருத்த 1ஏ என்று ஒரு படிவம் உண்டு. ஆனால் வாங்கியவருடைய நம்பரை அதில் மாற்ற முடியாது, அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1இல்தான் முடியும். ஆகவே அந்த மாதம் 18,000ஐக் கையிலிருந்து கட்டினோம், அடுத்த மாதம் வரவில் வந்தது. பணம் போய்விடவில்லை, ஒரு மாதம் முடங்கியது. பிள்ளை பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் 18,000 முடங்குவது என்ன என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

பேட்டைக்காரர் விஷயம் வேறு. அவர் காலாண்டுக் கணக்கு. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றுக்கும் சேர்த்து அக்டோபர் 13க்குள் ஏற்றுவார். நம் கைக்கு அந்த 1,800 வருவது அக்டோபரில் பார்க்கிற 2பியில். இப்படிப்பட்டவர்களும் இடைப்பட்ட மாதங்களில் கடைகளுக்குப் போட்ட பில்லை மட்டும் 13ஆம் தேதிக்குள் ஏற்ற ஒரு வசதி இருக்கிறது, ஐ.எஃப்.எஃப். என்பார்கள். அவரிடம் சொன்னதற்கு, "அண்ணாச்சி, ரெண்டாயிரம் ரூவாய்க்கு அதுக்கு வேற ஆடிட்டருக்குக் கொடுக்கணுமாக்கும்" என்றார். நியாயம்தான். அவரிடம் எல்போ, டீ, சொல்யூஷன் மட்டும் வாங்குகிறோம். பெரிய சரக்கை மாதக் கணக்கு கொடுப்பவரிடம் வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். புதிதாக ஒருவரிடம் லட்ச ரூபாய் சரக்கு எடுக்கிறபோது அவருடைய பட்டியலையும் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர். நான்கைந்து மாதம் ஏற்றாமல் கிடந்தால் விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். 18 சதவீத வரி வராது என்றால் அந்த விலை குறைவு எந்த மூலைக்கு?

வராத பில்களுக்கு ஆபீசில் ஒரு தொடர் பட்டியல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். மாதம் மாறினால் பழையது மறந்துபோகும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு நிதியாண்டு பில்லுக்கான வரவை அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் எடுத்தாக வேண்டும், ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அந்தத் தேதி வரை. அதன்பிறகு கோயம்புத்தூர்காரர் திருத்தினாலும் பலன் இல்லை. அதனால் ஆவணி, புரட்டாசியிலேயே போன வருஷத்து மிச்சம் என்ன என்று கேட்டு வாங்கி, ஒவ்வொருவருக்கும் போன் அடித்துவிடுவது நல்லது. அடியோடு பழக்கமில்லாதவர்களிடம், பில் 2பியில் தெரிகிறவரை வரித் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கிற வழக்கமும் உண்டு. பழைய கடைக்காரரிடம் அப்படிச் செய்தால் மனஸ்தாபம் வரும், ஆள் பார்த்துச் செய்யவேண்டியது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். நம் பையில் இல்லாத பில் 2பியில் இருக்கும். சில சமயம் பையில் வைக்க விட்டுப்போன இன்டர்நெட் பில். சில சமயம் யாரோ நம் நம்பரில் போட்ட, நாம் வாங்கவே வாங்காத சரக்கு. வரவு கூடுகிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. 2024 அக்டோபரிலிருந்து வந்த ஐ.எம்.எஸ். வசதியில் ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே ஆகிவிடும். "நம்மது இல்லாதது எதுவும் வந்திருக்கா?" என்று ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இன்னொன்று, கடன். விவசாயியிடம் அறுப்பு வரை நாம் காத்திருப்பதால் கம்பெனிக்கு நாம் கொடுப்பதும் இழுக்கும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும், கொடுத்த பிறகு மீண்டும் எடுக்கலாம். ஆகவே யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளும் பையில் போகிறது.

பேங்க் ஸ்டேட்மெண்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், பேங்கிலிருந்து இறக்கிய முழு மாதக் கோப்பாகவே கொடுங்கள், எக்செலாக இருந்தால் ஆபீசில் உங்களை வாழ்த்துவார்கள். நான் அதோடு அச்செடுத்த தாளும் கொடுக்கிறேன், ஓரத்தில் பென்சிலால் எழுதி. 50,000 வரவு: சீட்டு எடுத்தது. 80,000 வரவு: வீட்டு நகை அடகு வைத்தது. 12,000 பற்று: தங்கச்சி மகள் சடங்குக்குச் செய்முறை. இதை எழுதாவிட்டால் வரவையெல்லாம் விற்பனையா என்று சந்தேகப்பட வேண்டிவரும், செலவையெல்லாம் கடைச் செலவில் போட்டுவிடுவார்கள். மார்ச் மாதம் முடிந்து வருமான வரிக்கு உட்காரும்போது 50,000 எங்கிருந்து வந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கைமாற்றாக 20,000, அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது, திருப்பவும் கூடாது. சரக்கு வாங்கியதற்கு ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க விடமாட்டார்கள். இவையெல்லாம் கொடுத்த பின் சொல்லிப் பயனில்லை. அதனால்தான் பெரிய தொகை கை மாறுவதற்கு முன்னால் ஆபீசுக்கு ஒரு போன்.

கடையில் மகன் போனுக்கு ஜிபே வாங்குகிற பழக்கம் எங்கள் பக்கம் ரொம்ப உண்டு. பில் ரொக்க விற்பனை என்று போகும், பணம் மகன் சேமிப்புக் கணக்கில் கிடக்கும். புத்தகத்தில் கையிருப்பு ஏறிக்கொண்டே போகும், கல்லாவில் அது இருக்காது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். செலவையெல்லாம் எழுதி, விற்பனையைப் பிந்தி எழுதினால் கையிருப்பு மைனசில் போகும். இல்லாத பணத்தை யாரும் செலவழிக்க முடியாதே. அதிகாரி புத்தகத்தைத் திறந்தால் முதலில் கண் போவது அங்கேதான். அதனால் மாதம் ஒரு முறை, "கேஷ் எந்தத் தேதியிலயாவது மைனஸ் போகுதா?" என்று கேட்கிறேன். போகிறது என்றால் அந்த வாரத்து பில்லையும் செலவுச் சீட்டையும் வைத்து நாங்கள் இருவரும் தேடுகிறோம். மாதத்துக்குள் தேடினால் கிடைத்துவிடும்.

வரிப் பணத்தை நம் பேங்கிலிருந்து நாமே கட்ட வேண்டும். இங்கே தெரிந்த ஒரு கடைக்காரர், வரிக்கென்று மாதாமாதம் ஒருவரிடம் ரொக்கமாகவே கொடுத்துவந்தார். ரசீது கேட்டதில்லை. அவர் கட்டவில்லை என்பது நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. நோட்டீசும் பிந்தித்தான் தெரிந்தது, ஏனென்றால் ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவாகியிருந்த போன் நம்பரும் மெயிலும் அந்த ஆளுடையது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய், கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி, எல்லாம் கடைக்காரர் தலையில். தன்னுடைய கடை நம்பரை அதே Search Taxpayer-இல் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டாம் மாதமே தெரிந்திருக்கும். பதிவில் இருக்கிற போனும் மெயிலும் உங்களுடையதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாற்றித் தரச் சொல்லுங்கள். நல்ல ஆபீஸ் இதற்கு முகம் சுளிக்காது. ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வந்து அதை நீங்கள் சொல்வது கொஞ்சம் தொல்லைதான், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வரும். ஆனாலும் என்ன போடுகிறார்கள் என்று கேட்க அதுவே ஒரு வாய்ப்பு.

கட்டி முடித்ததும் மூன்று தாள் வாங்கிவைக்கிறேன்: கட்டிய செலான், தாக்கல் செய்த 3பி, விற்பனை வரி இவ்வளவு, வரவு இவ்வளவு, ரொக்கம் இவ்வளவு என்று ஒரு பக்கக் கணக்கு. கடைசித் தாளைத் தருவதற்கு ஆரம்பத்தில் கொஞ்சம் தயங்கினார்கள். இப்போது கேட்காமலே வருகிறது.

சம்பளம், வாடகை, கரண்ட் பில் இவற்றுக்கும் சீட்டு போக வேண்டும், அதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பெட்ரோல் பில்லை மட்டும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், வெயிலில் வைத்தால் எழுத்து போய்விடும்.

ஃபீஸ் விஷயத்தைச் சித்திரையிலேயே பேசி முடிப்பது நல்லது. மாதத் தொகைக்குள் என்னென்ன அடங்கும், வருமான வரித் தாக்கல் அதிலா தனியா, நோட்டீசுக்குப் பதில் எழுதினால் எவ்வளவு, 2பி ஒப்பிடுவது அதில் சேர்த்தியா இல்லையா. கடைசியாகச் சொன்னதை அழுத்திக் கேட்கவும். விலை குறைத்துச் சொல்கிற சில இடங்களில் 2பியில் வந்ததை அப்படியே எடுத்து 3பியில் போட்டுவிடுவார்கள், நம் பில்லோடு ஒப்பிட மாட்டார்கள். அப்படியானால் வராத 19,800ஐச் சொல்ல அங்கே ஆள் இல்லை. நாங்கள் மாதம் 500 ரூபாய் கூடக் கொடுத்து அந்த ஒப்பீட்டுப் பட்டியலைச் சேர்த்துக்கொண்டோம்.